அளக்காத இன்சுலினும் அளந்த சர்க்கரையும்

இரவு முழுக்கப் பட்டினி. காலையில் வெறும் வயிற்றில் ஒரு முறை ரத்தம் எடுப்பார்கள். பிறகு 75 கிராம் குளுக்கோஸ் கரைத்த தண்ணீரைக் கொடுத்து, ஐந்து நிமிடத்துக்குள் குடித்துவிடச் சொல்வார்கள். அதன்பின் ஒரு மணி நேரத்திலோ இரண்டு மணி நேரத்திலோ மறுபடி ஊசி. ஜி.டி.டி. என்று லேப் சீட்டில் எழுதும் குளுக்கோஸ் தாங்குதிறன் சோதனை இதுதான். மாலையில் கைக்கு வரும் தாளில் இருப்பது சில எண்கள்: இந்த நேரத்தில் ரத்தத்தில் இவ்வளவு சர்க்கரை. அவ்வளவே.

அந்த இரண்டு மணி நேரத்தில் உடம்புக்குள் நடந்ததோ சர்க்கரையின் கதை மட்டும் அல்ல. சர்க்கரை ஏறியதும் கணையம் இன்சுலினைச் சுரக்கிறது. இன்சுலின் வந்ததும் தசையும் கொழுப்பும் சர்க்கரையை உள்ளே இழுத்துக்கொள்கின்றன, கல்லீரல் அதைச் சேமித்து வைக்கிறது. சர்க்கரை இறங்கியதும் சுரப்பும் தணிகிறது. ஒன்று ஏறினால் மற்றது ஏறும்; மற்றது ஏறினால் முதலாவது இறங்கும். இப்படி ஒன்றையொன்று பிடித்து இழுக்கும் இரண்டு அளவுகளில் லேப் தாளில் தெரிவது ஒன்றுதான். தெரியாத இன்னொன்றைப் பற்றித் தெரிந்ததிலிருந்து ஏதாவது சொல்ல முடியுமா?

1960களின் நடுவில் அமெரிக்காவின் மாயோ கிளினிக்கைச் சேர்ந்த ரோஸ்வியர், மோல்னார் ஆகிய மருத்துவர்களும், மின்னசோட்டா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அக்கர்மேன், கேட்வுட் ஆகியோரும் இந்தக் கேள்வியைக் கணக்காக மாற்றினார்கள். அவர்கள் கையாண்ட வழி, பள்ளிக்கூடத்தில் ஒருங்கமைச் சமன்பாடுகளுக்குச் சொல்லித்தரும் நீக்கல் முறையின் அண்ணன். x, y என்று இரண்டு மாறிகள் இருந்தால் y-ஐ நீக்கிவிட்டு x-ஐ மட்டும் கொண்ட ஒரு சமன்பாட்டைப் பெறுவோம் அல்லவா? இங்கேயும் அதுவேதான். ஆனால் இங்கே x-உம் y-உம் நிலையான எண்கள் அல்ல, நேரத்தோடு மாறிக்கொண்டே இருப்பவை. அதனால் நீக்குவதற்கு ஒரு விலை உண்டு. முதல் வரிசைச் சமன்பாடுகள் இரண்டு போய், இரண்டாம் வரிசைச் சமன்பாடு ஒன்று வந்து நிற்கும்.

முதலில் சமன்பாடுகளை எழுதுவோம். ஒருவருக்கு வெறும் வயிற்றில் இருக்கும் சர்க்கரை அளவை அவருடைய இயல்பு நிலை என்று கொள்ளலாம். அந்த நிலைக்கு மேலே அல்லது கீழே சர்க்கரை எவ்வளவு விலகியிருக்கிறது என்பதே g. ஹார்மோன் தன் இயல்பு நிலையிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்பது h. இந்த h இன்சுலின் மட்டும் அல்ல. சர்க்கரையைக் குறைக்கும் ஹார்மோன்களைக் கூட்டலாகவும், ஏற்றும் ஹார்மோன்களைக் கழித்தலாகவும் எடுத்துக்கொண்ட மொத்தக் கணக்கு அது. ஆக, எந்த ஊசியாலும் நேராக எடுத்துவிட முடியாத ஓர் அளவு. பெரும்பங்கு இன்சுலின் என்பதால் இந்தக் கட்டுரை அதை இன்சுலின் என்றே பேசும்.

g' என்று ஒரு கோடு போட்டால் அது g மாறும் வேகம், அதாவது g-இன் வகைக்கெழு. குடித்த குளுக்கோஸ் முழுவதும் ரத்தத்தில் சேர்ந்து முடிந்த பிறகு நடப்பதை இப்படி எழுதலாம்:

g' = −m₁g − m₂h
h' = m₄g − m₃h

m₁, m₂, m₃, m₄ நான்கும் ஒவ்வோர் உடம்புக்கும் உரிய கெழுக்கள். நான்குமே பூஜ்யத்துக்குக் குறையாதவை. m₁ என்பது ஹார்மோன் கூடாமலே சர்க்கரை தானாகக் கரையும் வேகம். m₂ என்பது இன்சுலின் சொல்லுக்கு உடம்பு எவ்வளவு செவிசாய்க்கிறது என்பது. m₃ இன்சுலின் சிதைந்து மறையும் வேகம். m₄ சர்க்கரையைக் கண்டதும் கணையம் எவ்வளவு சுரக்கிறது என்பது. இந்த நான்கின் பொருளையும் மனதில் வைத்துக்கொள்வது நல்லது. கடைசியில் கதை m₂, m₄ இரண்டிடம்தான் வந்து நிற்கப் போகிறது.

எழுத்துகளாகவே கொண்டுபோனால் கண் கட்டிவிடும். கணக்குப் போட வசதியான எண்களை வைத்துக்கொள்வோம். நேரத்தை மணியில் அளப்போம். m₁ = 1, m₂ = 2, m₃ = 1, m₄ = 2. இவை எந்த நோயாளியின் அளவும் அல்ல. படிகள் தெளிவாகத் தெரிய எடுத்துக்கொண்டவை.

g' = −g − 2h
h' = 2g − h

இரண்டாவது சமன்பாட்டைத் தனியாகத் தீர்க்க முடியாது, அதில் g இருக்கிறது. முதலாவதையும் தனியாகத் தீர்க்க முடியாது, அதில் h இருக்கிறது. h-ஐத் துரத்த வேண்டும்.

முதல் படி, முதல் சமன்பாட்டை இன்னொரு முறை வகையிடுவது. g' = −g − 2h என்பதை வகையிட்டால் g'' = −g' − 2h'. g'' என்பது வேகம் மாறும் வேகம். இப்போது h-க்குப் பதிலாக h' வந்திருக்கிறது. தொல்லை கூடிவிட்டதுபோல் தோன்றும். ஆனால் h' என்ன என்று சொல்லத்தான் இரண்டாவது சமன்பாடு காத்திருக்கிறது.

இரண்டாம் படி, அதை இங்கே இடுவது. g'' = −g' − 2(2g − h), அதாவது g'' = −g' − 4g + 2h. மறுபடியும் h தலைகாட்டுகிறது.

மூன்றாம் படியில் அது போய்விடும். முதல் சமன்பாட்டையே சற்றுத் திருப்பினால் 2h = −g' − g. அதையும் இட்டால்,

g'' = −g' − 4g − g' − g
g'' + 2g' + 5g = 0

h இருந்த இடம் தெரியவில்லை. சர்க்கரை, அதன் வேகம், அந்த வேகம் மாறும் வேகம் மூன்றும்தான் மிச்சம்.

இந்த மூன்று படிகளில் மாணவர்கள் வழுக்கி விழும் இடம் மூன்றாவது. இரண்டாம் படியில் h மீண்டும் வந்ததும், அதைப் போக்க இரண்டாவது சமன்பாட்டையே மறுபடி வகையிடுவார்கள். அப்போது h'' வரும், அதைப் போக்க இன்னொரு முறை, சுற்றிச் சுற்றி ஓடிக்கொண்டே இருக்கும். இரண்டாவது சமன்பாட்டின் வேலை ஒரே தடவை, h'-க்குப் பதில் சொல்வது. h-க்குப் பதில் சொல்வது எப்போதும் முதல் சமன்பாடு.

விடை சரியா என்று பார்க்க ஒரு நல்ல வழி உண்டு. எழுத்துகளோடே இதே படிகளைச் செய்தால் கிடைப்பது:

g'' + (m₁ + m₃)g' + (m₁m₃ + m₂m₄)g = 0

நடுவில் வருவது, சர்க்கரையும் இன்சுலினும் தத்தம் போக்கில் கரையும் வேகங்களின் கூட்டல்: 1 + 1 = 2. கடைசியில் வருவது அவற்றின் பெருக்கலோடு, ஒன்று மற்றொன்றின் மேல் செலுத்தும் பிடிகளின் பெருக்கல் சேர்ந்தது: 1 + 4 = 5. இன்னொரு சோதனையும் உண்டு. h-ஐ நீக்காமல் g-ஐ நீக்கிப் பார்க்கலாம். h'' + 2h' + 5h = 0 என்று அதே கெழுக்களோடு வர வேண்டும். வராவிட்டால் எங்கோ ஒரு குறி, பெரும்பாலும் ஒரு கழித்தல் குறி, தவறியிருக்கிறது. இணைந்தே ஆடும் இரண்டு அளவுகளுக்கு ஒரே தாளம்தான் இருக்க முடியும் என்பதைச் சமன்பாடே சொல்லும் இடம் இது.

இனித் தீர்வு. g என்பது e^(rt) வடிவில் இருக்கும் என்று வைத்தால் r² + 2r + 5 = 0 என்ற துணைச் சமன்பாடு வரும். அதன் மூலங்கள் −1 ± 2i. கலப்பெண் வந்தால் பயப்பட வேண்டியதில்லை. வளைகோடு ஏறி இறங்கி ஆடும் என்பதற்கு அது அடையாளம். மெய்ப்பகுதியான −1 ஆட்டம் எவ்வளவு விரைவில் அடங்கும் என்கிறது. கற்பனைப் பகுதியான 2 ஆட்டத்தின் வேகத்தைச் சொல்கிறது. பொதுத் தீர்வு:

g = e^(−t)(A cos 2t + B sin 2t)

தள்ளிவிட்ட ஊஞ்சல் மெல்ல மெல்ல அடங்குவதுபோல் சர்க்கரையும் இயல்பு நிலையைத் தாண்டிக் கீழே போய், திரும்ப மேலே வந்து, அமைதியாகும்.

A, B இரண்டையும் கண்டுபிடிக்க வேண்டும். இங்கேதான் நீக்கப்பட்ட h மறுபடி வாசலில் வந்து நிற்கிறது. இரண்டாம் வரிசைச் சமன்பாட்டுக்குத் தொடக்கத் தகவல்கள் இரண்டு தேவை: தொடக்கத்தில் சர்க்கரை எவ்வளவு, தொடக்கத்தில் அது எந்த வேகத்தில் மாறுகிறது. சர்க்கரை இயல்பைவிட 60 மில்லிகிராம் கூடியிருந்தது என்று வைத்துக்கொண்டால் g(0) = 60. வேகம்? அதை யாரும் தனியாகத் தருவதில்லை. முதல் சமன்பாட்டில்தான் அது இருக்கிறது: g'(0) = −g(0) − 2h(0). அதாவது தொடக்க இன்சுலின்தான் தொடக்க வேகமாக வேடம் மாற்றிக்கொண்டு உள்ளே வருகிறது. தொடக்க வேகம் தரப்படவில்லையே என்று g'(0) = 0 போட்டுவிடுவது தேர்வுத்தாள்களில் அடிக்கடி காணும் பிழை. அப்படிப் போட்டால், 60 மில்லிகிராம் ஏறிய சர்க்கரை அந்தக் கணம் இறங்காமல் நிற்கிறது என்று பொருள். முதல் சமன்பாட்டில் இட்டுப் பார்த்தால் h(0) = −30 என்று வரும். சர்க்கரை ஏறியிருக்கும் நேரத்தில் இன்சுலின் இயல்பைவிடக் குறைந்திருக்கிறது என்று நாமே சொன்னதாக ஆகிவிடும்.

தொடக்கத்தில் இன்சுலின் இயல்பு நிலையிலேயே இருந்ததென்று கொண்டால் h(0) = 0, எனவே g'(0) = −60. கணக்கு A = 60, B = 0 என்று அழகாக முடிகிறது:

g = 60 e^(−t) cos 2t

வெறும் வயிற்றுச் சர்க்கரை 80 என்றால், 140-இல் தொடங்கும் அளவு அரை மணியில் 100-க்கு வரும். சுமார் 47 நிமிடத்தில் 80-ஐத் தொடும். நிற்காமல் கீழே போய் ஒன்றேகால் மணிக்குச் சற்றுப் பின் 66 வரை இறங்கும். இரண்டு மணியில் 75, மூன்று மணியில் 83. குளுக்கோஸ் குடித்த சிலருக்கு ஒன்றிரண்டு மணி கழித்துச் சர்க்கரை வெறும் வயிற்று அளவுக்கும் கீழே போவது மருத்துவர்களுக்குத் தெரிந்த விஷயம்தான். ஒரே ஒரு முதல் வரிசைச் சமன்பாடு இதை ஒருபோதும் காட்டாது. g' = −g என்று மட்டும் எழுதினால் வளைகோடு 80-ஐ நோக்கி நெருங்கிக்கொண்டே இருக்கும், தாண்டாது. தாண்ட வைப்பது மறைந்திருக்கும் இரண்டாவது அளவு. சர்க்கரை இயல்புக்கு வந்துவிட்ட நேரத்திலும் சுரந்த இன்சுலின் இன்னும் ரத்தத்தில் சுற்றிக்கொண்டிருக்கிறது.

அந்த இன்சுலின் எவ்வளவு என்பதையும் இப்போது சொல்லலாம். இதற்கு h-இன் சமன்பாட்டைத் தனியாகத் தீர்க்கப் போகக் கூடாது. போனால் C, D என்று இன்னும் இரண்டு மாறிலிகள் முளைக்கும், மொத்தம் நான்கு ஆகிவிடும். முதல் வரிசையில் இரண்டு சமன்பாடுகள் இருந்தால் விடையிலும் மாறிலிகள் இரண்டுதான். நான்கு வந்தால் பாதை தவறிவிட்டது என்று அர்த்தம். சரியான வழி திரும்பவும் முதல் சமன்பாடே: h = (−g' − g)/2. g-ஐ வகையிட்டு இதில் இட்டால் h = 60 e^(−t) sin 2t. சர்க்கரை 80-ஐத் தொடும் 47-ஆவது நிமிடத்தில் sin 2t தன் உச்சமான 1-ஐ எட்டுகிறது. இன்சுலின் மட்டம் அப்போது சுமார் 27 அலகு மேலே நிற்கிறது. சர்க்கரை இன்னும் கீழே இழுபடுவது அதனால்தான்.

குளுக்கோஸ் ரத்தத்தில் சேர்ந்து முடிவதற்குள்ளேயே இன்சுலின் சுரக்கத் தொடங்கியிருக்கும் என்பதே உண்மை. ஆகவே h(0) = 30 என்றும் எடுத்துப் பார்க்கலாம். அப்போது g'(0) = −120, A = 60, B = −30. அரை மணியில் சர்க்கரை 100 அல்ல, 84. அதே உடம்பு, அதே சமன்பாடு, அதே தொடக்கச் சர்க்கரை. தொடக்க இன்சுலின் மாறியதால் வளைகோட்டின் உருவம் மாறுகிறது. ஆனால் அடங்கும் வேகமும் ஆடும் வேகமும் மாறவில்லை. அவை சமன்பாட்டின் கெழுக்களில் இருக்கின்றன. அன்றைக்கு எவ்வளவு குடித்தார், எப்போது குடித்தார் என்பதைப் பொறுத்தவை அல்ல.

அமெரிக்கக் குழு கைவைத்தது சரியாக இந்த இடத்தில். சமன்பாட்டின் கடைசிக் கெழுவை ω₀² என்று எழுதினால், ω₀ அந்த உடம்பின் இயல்பான ஆட்ட வேகம். 2π-ஐ அதனால் வகுத்தால் வருவது இயல்பான அலைவு காலம். நம் எடுத்துக்காட்டில் ω₀ என்பது 5-இன் வர்க்கமூலம், காலம் சுமார் 2 மணி 49 நிமிடம். அவர்கள் கண்ட எல்லைக்கோடு 4 மணி நேரம். அதற்குக் குறைவாக இருந்தால் இயல்பு. அதைவிடக் குறிப்பிடத்தக்க அளவு கூடினால் லேசான நீரிழிவு.

நடுக் கெழுவை ஏன் விட்டார்கள்? அடங்கும் வேகத்தைக் காட்டும் அந்த எண், ரத்தச் சோதனையில் நேரும் சிறிய பிழைக்கே பெரிதாக மாறிவிடுகிறது. சோதனையின் பின்பாதியில் g சில மில்லிகிராம்தான். நம் வளைகோட்டில் மூன்றாம் மணியில் அது வெறும் 3. அளவில் இரண்டு மில்லிகிராம் பிசகினால் ஆட்டம் எவ்வளவு அடங்கியது என்ற கணக்கு தலைகீழாகிவிடும். ω₀-ஐ அந்தப் பிழை அவ்வளவாக அசைப்பதில்லை. அதனால் நம்பத்தக்க எண் அது ஒன்றே என்று முடிவு செய்தார்கள். வளைகோட்டில் தெரியாத அளவுகள் ஐந்து: வெறும் வயிற்றுச் சர்க்கரை, ஆட்டத்தின் அளவு, அடங்கும் வேகம், ஆடும் வேகம், ஆட்டம் தொடங்கும் இடம். முதலாவது ஊசி குத்தும்போதே கிடைத்துவிடும். மீதி நான்குக்குக் குறைந்தது நான்கு முறை ரத்தம் வேண்டும். கூடுதலாக எடுத்து, எல்லாப் புள்ளிகளுக்கும் மிக அருகில் போகும் வளைகோட்டைத் தேடினால் இன்னும் நல்லது.

இன்சுலினை ஒரு முறைகூட அளக்கவில்லை என்பதுதான் இதில் அருமை. அக்காலத்தில் அது சின்ன விஷயம் அல்ல. ரத்தத்தில் இன்சுலின் இருப்பது மிக மிகச் சொற்பம். அதை நம்பகமாக அளக்கும் முறையை நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் இருந்த முன்னாள் ராணுவத்தினர் மருத்துவமனையில் ரோசலின் யாலோவும் சாலமன் பெர்சனும் உருவாக்கி 1960-இல்தான் விரிவாக வெளியிட்டார்கள். கதிரியக்க அயோடின் ஏற்றிய இன்சுலினை வைத்துச் செய்யும் சோதனை அது. சர்க்கரை பார்ப்பதுபோல் எளிதல்ல. அதற்காக யாலோவுக்கு 1977-இல் நோபல் பரிசு கிடைத்தது. பெர்சன் 1972-இலேயே காலமாகிவிட்டார்.

இப்போது சற்று பலவீனமான ஓர் உடம்பை எடுத்துக்கொள்வோம். கணையம் சோர்ந்திருக்கிறது, m₄ என்பது 2-இலிருந்து 0.5 ஆகக் குறைந்துவிட்டது. மற்றவை பழையபடி.

g' = −g − 2h
h' = 0.5g − h

நீக்கினால் நடுக் கெழு அதே 2. கடைசிக் கெழு 1 + 2 × 0.5 = 2. சமன்பாடு g'' + 2g' + 2g = 0. அலைவு காலம் 4 மணி 27 நிமிடம், எல்லைக்கோட்டைத் தாண்டிவிட்டது. g(0) = 60, h(0) = 0 என்று தொடங்கினால் g = 60 e^(−t) cos t. ஒரு மணியில் இவருடைய சர்க்கரை 92, முந்தையவருக்கு 71. ஆனால் இரண்டு மணியில் இவருக்கு 77, முந்தையவருக்கு 75. இரண்டாம் மணி ரத்தத்தை மட்டும் பார்த்தால் இந்த இருவரையும் பிரிக்க முடியாது, முழு வளைகோடு பிரித்துவிடும். கெழுக்கள் நாம் வசதிக்கு எடுத்தவை என்பதால் இதை மருத்துவ விதியாகக் கொள்ளக் கூடாது. வளைகோட்டின் ஒரு புள்ளி எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பதற்கு இது ஒரு கணக்கு, அவ்வளவே.

அடுத்து இன்னொருவர். இவருடைய கணையத்தில் குறையில்லை, m₄ = 2. ஆனால் உடம்பு இன்சுலின் சொல் கேட்பதில்லை, m₂ 0.5 ஆக இறங்கிவிட்டது. இன்சுலின் எதிர்ப்பு என்று மருத்துவர்கள் சொல்வது இந்த நிலையைத்தான்.

g' = −g − 0.5h
h' = 2g − h

நீக்கிப் பாருங்கள். கடைசிக் கெழு 1 + 0.5 × 2, மறுபடியும் 2. அதே சமன்பாடு. g(0) = 60, h(0) = 0 என்றால் தொடக்க வேகமும் அதே −60. ஆகவே விடையும் அச்சு அசலாக அதேதான்: g = 60 e^(−t) cos t. கணையம் சோர்ந்தவரும் இன்சுலினுக்குச் செவிசாய்க்காத உடம்பு கொண்டவரும் லேப் தாளில் ஒரே ஆள். எத்தனை முறை ரத்தம் எடுத்தாலும், எவ்வளவு துல்லியமாக எடுத்தாலும், சர்க்கரையை மட்டும் பார்த்து இவர்களைப் பிரிக்க முடியாது.

நீக்கல் முறை கேட்கும் உண்மையான விலை இதுதான் என்று தோன்றுகிறது. பாடப்புத்தகங்கள் இதைப் பெரும்பாலும் பேசுவதில்லை. h-ஐ நீக்கியபோது m₂-உம் m₄-உம் தனித்தனியாக இல்லாமல் போய், m₂m₄ என்ற பெருக்கலாக மட்டும் எஞ்சின. நான்கு கெழுக்கள் உள்ளே போயின, இரண்டு எண்கள் வெளியே வந்தன. மறைந்த மாறியின் விளைவு முழுவதும் புதிய சமன்பாட்டில் இருக்கிறது. ஆனால் அந்த விளைவில் சர்க்கரைக்கும் இன்சுலினுக்கும் பங்கு எவ்வளவு என்ற விவரம் இல்லை. பெருக்கல் 1 என்று தெரிந்தால், 2-உம் 0.5-உமா, 0.5-உம் 2-உமா என்று யாரால் சொல்ல முடியும்?

இன்சுலினையும் அளந்தால் வேறுபாடு பளிச்சென்று தெரியும். பழைய இடத்துக்குத் திரும்பி, முதல் சமன்பாட்டிலிருந்து h-ஐ எடுப்போம். கணையம் சோர்ந்தவருக்கு h = 30 e^(−t) sin t. செவிசாய்க்காத உடம்புக்காரருக்கு h = 120 e^(−t) sin t. முன்னவருக்கு இன்சுலின் இயல்புக்கு மேல் 10 அலகைக்கூட எட்டுவதில்லை. பின்னவருக்குச் சுமார் 39 வரை போகிறது. நான்கு மடங்கு இன்சுலினைச் சுரந்துதான் அவருடைய கணையம் அதே சர்க்கரை வளைகோட்டை வாங்கிக்கொடுக்கிறது. யாலோவும் பெர்சனும் 1960-இல் அளந்தபோது பலரை வியக்க வைத்தது இத்தகைய ஒன்றுதான்: நடுத்தர வயதுக்குப் பின் நீரிழிவு வந்தவர்களில் பலருக்கு இன்சுலின் இல்லாமல் போகவில்லை, குளுக்கோஸ் கொடுத்த பிறகு அது நிறையவே இருந்தது.

இந்த மாதிரிக்கு வேறு எல்லைகளும் உண்டு. சமன்பாடுகள் நேரியலாக இருப்பது, விலகல் சிறியதாக இருக்கும்வரைதான் செல்லும். சர்க்கரை 300, 400 என்று ஏறியவர்களிடம் விலகலுக்கு ஏற்ற விகிதத்தில் எல்லாம் நடக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. அதனால்தான் லேசான நீரிழிவைக் கண்டுபிடிக்க மட்டுமே இது என்று சொல்லப்பட்டது. குளுக்கோஸ் குடித்த மூன்றாவது மணிக்கும் ஐந்தாவது மணிக்கும் இடையில் சிலருடைய அளவுகள் வளைகோட்டில் சரியாக உட்காரவில்லை. சர்க்கரை மிகவும் கீழே போகும்போது எபிநெஃப்ரினும் குளுக்ககானும் வேகமாகச் சுரந்து அதைத் தூக்கிவிடுகின்றன. இரண்டு மாறிகளில் அடங்காத மூன்றாவது ஆள் மேடையேறிவிட்டார் என்பதற்கு அந்தப் பிசகே அடையாளம். மூன்றாவது மாறியைச் சேர்த்தால் நீக்கிய பிறகு வருவது மூன்றாம் வரிசைச் சமன்பாடு. அதன் தெரியாத எண்களைக் கண்டுபிடிக்க இன்னும் அதிகமான ரத்த மாதிரிகள் வேண்டும்.

ஆட்டமே இல்லாத உடம்பும் இருக்கலாம். துணைச் சமன்பாட்டின் மூலங்கள் கலப்பெண்ணாக வர, m₂m₄ என்பது m₁, m₃ இரண்டின் வித்தியாசத்தில் பாதியின் வர்க்கத்தைவிடப் பெரியதாக இருக்க வேண்டும். சர்க்கரையும் இன்சுலினும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் கரைந்தால் சிறிய பிடிகூட ஆட்டத்தைக் கொண்டுவரும். ஒன்று சட்டென்று கரைந்து மற்றது மெதுவாகக் கரைந்தால், பிடி வலுவாக இருந்தால் ஒழிய வளைகோடு ஆடாமல் இறங்கிவிடும். m₂ பூஜ்யமாகவே ஆகிவிட்டால் நீக்குவதற்கே வேலையில்லை. முதல் சமன்பாட்டில் h இல்லை, g' = −m₁g தனியாகத் தீர்ந்துவிடும். 2h-க்கு ஈடாக இட எதுவும் இருக்காது, m₂-ஆல் வகுக்கவும் முடியாது. அப்போதும் பழக்க வேகத்தில் நீக்கி இரண்டாம் வரிசைச் சமன்பாட்டை எழுதினால், உண்மையில் இல்லாத தீர்வுகளும் அதில் சேர்ந்து வரும்.

நீரிழிவைத் தீர்மானிக்க மருத்துவமனைகள் இன்று அலைவு காலத்தைக் கணக்கிடுவதில்லை. 75 கிராம் குளுக்கோஸுக்குப் பின் இரண்டாம் மணியில் 200 அல்லது அதற்கு மேல் என்றால் நீரிழிவு, 140 முதல் 199 வரை என்றால் தாங்குதிறன் குறைவு என்பது உலக சுகாதார நிறுவனம் ஏற்றுள்ள அளவுகோல். அதோடு மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி சோதனையும் உண்டு. m₂-ஐயும் m₄-ஐயும் பிரிக்கும் வேலையை, ரிச்சர்ட் பெர்க்மன், கிளாடியோ கோபெல்லி ஆகியோர் அடங்கிய குழு 1979-இல் வெளியிட்ட குறுமாதிரி கையில் எடுத்துக்கொண்டது. குளுக்கோஸை நரம்பில் ஏற்றி, அடுத்தடுத்து எடுக்கும் ஒவ்வொரு ரத்த மாதிரியிலும் சர்க்கரை, இன்சுலின் இரண்டையும் அவர்கள் அளந்தார்கள். அளந்த இன்சுலினை அப்படியே சமன்பாட்டுக்குள் உள்ளீடாகக் கொடுத்து, உடம்பு இன்சுலினுக்கு எவ்வளவு செவிசாய்க்கிறது என்பதற்குத் தனியாக ஓர் எண்ணை எடுத்தார்கள். h-ஐ அவர்கள் நீக்கவில்லை.